படம் வரையுமுன் நேரம் பார்ப்போம்



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பெரியோர் சொன்ன பழமொழி. ஆற்றில் இறங்குவோருக்கு மட்டுமன்று, அசைவூட்டப் படம் எடுக்க விரும்புவோருக்கும் இது பொருந்தும். அப்படத்தின் ஆழம் என்பது அதற்கு வேண்டிய ஓவியங்களின் எண்ணிக்கை. முதலில் அதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

திரையில் ஓடும் படம் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் வீதம் ஓடுகிறது. கையால் வரைவோர் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்துவர். ஆகவே ஒரு விநாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். ஒரு நிமிடப் படம் முழுவதும் அசைவாகவே இருந்தால் 720 ஓவியங்கள் ஆகும். ஓர் ஓவியத்தை வரைந்து வண்ணம் தீட்டப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 720 ஓவியங்களுக்கு 120 மணி நேரம் ஆகிறது. ஐந்து மாணவியர் பகிர்ந்துகொண்டாலும் தலைக்கு 24 மணி நேரம்! பள்ளி விட்டபின் தினமும் ஒரு மணி நேரம் அமர்ந்தால் வேலை நாட்களில் ஏறக்குறைய ஐந்து வாரம். அவ்வளவும் வரைந்து முடித்தபின், "இந்த இடம் இழுவையாக இருக்கிறதே" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது? வரைந்ததை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

இத்துன்பம் பெரியவர்களுக்கும் வந்ததுண்டு. வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1937-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்நோ ஒயிட்' படத்தில், ஏழு குள்ளர்கள் சூப் குடிக்கும் நகைச்சுவைக் காட்சி ஒன்றை வார்டு கிம்பல் என்னும் கலைஞர் பென்சிலால் முழுவதும் அசைவூட்டி முடித்திருந்தார். காட்சி நன்றாகவே அமைந்திருந்தது. ஆயினும் அது கதையின் ஓட்டத்தைத் தடுத்தமையால் படத்திலிருந்து நீக்கப்பட்டது. மாதக் கணக்கில் உழைத்த அவருக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்!

இத்தகைய இழப்பைக் குறைக்கக் கண்ட வழிதான் அனிமேட்டிக். கதையைச் சிறு சிறு பென்சில் படங்களாக வரைந்து வரிசையாக ஒட்டிய பலகைக்கு ஸ்டோரிபோர்டு என்று பெயர். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, எது எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று அளந்து, பேச்சையும் ஒலியையும் சேர்த்து ஓடவிட்டால் அதுவே அனிமேட்டிக். டிஸ்னி நிறுவனத்தில் இதை 'லைக்கா ரீல்' என்று அழைத்தனர். லைக்கா என்பது ஒரு புகைப்படக் கருவியின் பெயர். ஸ்டோரிபோர்டு 'என்ன நடக்கிறது' என்று சொல்லும். 'எவ்வளவு நேரம் நடக்கிறது' என்று சொல்லாது. சுவரில் ஒட்டிய படத்தை நாம் விரும்பிய நேரம் பார்க்கலாம். திரையில் ஓடும் படமோ நமக்காகக் காத்திருப்பதில்லை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிவதற்குத்தான் அனிமேட்டிக்.

எங்கள் கதை

பள்ளி ஆண்டு விழாவுக்காக எங்கள் குழுவினர் ஐவரும் பாட்டி வடை சுட்ட கதையைப் படமாக்க முடிவு செய்தோம். எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் 'அடுத்து என்ன' என்ற ஆவல் குறைவு. ஆகவே 'எப்போது' என்பதில்தான் சுவை இருக்கிறது. காக்கை எப்போது வாயைத் திறக்கும் என்று பார்ப்பவர் காத்திருக்க வேண்டும் அன்றோ? எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒரு நிமிடம்.

கதையைப் பதினொரு ஷாட்டுகளாகப் பிரித்தோம். அவற்றின் வரிசையும், முதலில் ஒதுக்கிய நேரமும் இவை:

1. மரத்தடியில் பாட்டி வடை சுடுகிறாள் – 7 விநாடி
2. கூரையிலிருந்து காக்கை பார்க்கிறது – 4
3. காக்கை வடையைக் கவ்விப் பறக்கிறது – 5
4. காக்கை கிளையில் அமர்கிறது – 6
5. நரி வந்து மேலே பார்க்கிறது – 6
6. நரி புகழ்ந்து பேசுகிறது – 10
7. காக்கை யோசிக்கிறது – 3
8. காக்கை "கா!" என்று கத்துகிறது – 3
9. வடை விழுகிறது – 4
10. நரி வடையைக் கவ்வி ஓடுகிறது – 7
11. காக்கை வெறுங்கிளையில் விழிக்கிறது – 5

கூட்டிப் பார்த்தால் சரியாக 60 விநாடி. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

அனிமேட்டிக் கட்டும் முறை

பதினொரு ஷாட்டுகளுக்கும் சேர்த்துப் பதினெட்டுப் படங்கள் வரைந்தோம். நிலை ஒன்றே மாறாதிருக்கும் ஷாட்டுக்கு ஒரு படம் போதும். நிலை மாறும் ஷாட்டுக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படம் வேண்டும். காக்கை வடையைக் கவ்வும் மூன்றாம் ஷாட்டுக்கு, பாய்தல், கவ்வுதல், பறத்தல் என்று மூன்று படங்கள். எல்லாப் படங்களும் திரையின் அகல உயரத்தில், அதாவது 16-க்கு 9 என்ற அளவுக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றை அழகாக வரைதல் கூடாது என்பது ஒரு முக்கியமான விதி. அழகாக வரைந்த படத்தைத் தூக்கி எறிய மனம் வராது. எறிய முடியாத படத்தை வைத்துச் சோதனை செய்ய முடியாது.

படங்களின் மூலையில் 3-1, 3-2, 3-3 என்று ஷாட் எண்ணையும் பட எண்ணையும் எழுதினோம். மேசையில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பலகை வைத்து, அதன் மேல் கைப்பேசியை நகராமல் பொருத்தி ஒவ்வொன்றாகப் படம் பிடித்தோம்.

அடுத்தது ஒலி. இறுதிப் படத்துக்குரிய நல்ல ஒலி இப்போது வேண்டியதில்லை. கைப்பேசியில் பதிவு செய்த தற்காலிக ஒலியே போதும். ஆனால் பேசுபவர் உண்மையாகவே நடித்துப் பேச வேண்டும். எண்ணெய் கொதிக்கும் சத்தத்துக்கு ஒரு பாலித்தீன் பையைக் கசக்கினோம். நரியின் பேச்சு, காக்கையின் "கா", பாட்டியின் கூச்சல், காற்றின் ஓசை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்தோம். சேர்த்துப் பதிவு செய்தால் பிறகு ஒன்றை மட்டும் நகர்த்த முடியாது.

பிறகு கணினியில் பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளின் படத்தொகுப்புப் பகுதியில் இவற்றை அடுக்கினோம். வேலையைத் தொடங்குமுன் விநாடிக்கு 24 பிரேம் என்று அமைத்துவிட வேண்டும். பாதி வேலைக்குப்பின் அதை மாற்றினால் எழுதி வைத்த பிரேம் கணக்கெல்லாம் பிசகிவிடும். அடுக்குவதில் ஒரு முறை உண்டு. பேச்சு உள்ள ஷாட்டில் முதலில் ஒலியை வைத்து, அதன் நீளத்துக்குப் படத்தை நீட்ட வேண்டும். செயல் மட்டும் உள்ள ஷாட்டில் முதலில் படத்தை வைத்து, அதற்கேற்ப ஒலியைப் பொருத்த வேண்டும். காக்கை வாய் திறந்த படம், "கா" ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம்கள் முன்பே வந்தால் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும். பின்னால் வந்தால் குரல் வேறெங்கிருந்தோ வருவதுபோல் இருக்கும்.

அனிமேட்டிக் சொன்ன செய்திகள்

முதல் செய்தி, ஓடவிடுமுன்பே கிடைத்தது. நரியின் பேச்சுக்குப் பத்து விநாடி ஒதுக்கியிருந்தோம் அல்லவா? அது மனத்துக்குள் வாசித்து எடுத்த அளவு. நரியாக நடித்த தோழி, குழைந்து, இழுத்து, நடுவில் பெருமூச்சு விட்டுப் பேசியபோது பதின்மூன்றரை விநாடி ஆயிற்று. மொத்தம் 63½ விநாடி! நடிப்பு நேரம் கேட்கும். ஆகவே பேச்சை மனத்துக்குள் வாசித்து நேரம் குறிக்கலாகாது. வாய்விட்டு நடித்து, கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். வேகமாகப் பேசச் சொன்னால் நரியின் நயவஞ்சகம் போய்விடும். எனவே சொற்களைக் குறைத்தோம். "உங்கள் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, "காக்கையாரே, நீங்கள் எவ்வளவு அழகு! ஒரே ஒரு பாட்டுப் பாட மாட்டீர்களா?" என்பதை மட்டும் வைத்தோம். அதே குழைவுடன் ஒன்பது விநாடியில் முடிந்தது.

அடுத்து, கதைப்படங்களைப் பார்த்திராத ஆறாம் வகுப்புத் தங்கையர் மூவரை அழைத்து ஓட்டிக் காட்டினோம். படத்தை நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஓட்டம் தெரியாது. நாங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தையே பார்த்து, எந்த விநாடியில் கண் வேறு பக்கம் போகிறது, எங்கே சிரிக்கிறார்கள் என்று தாளில் குறித்துக்கொண்டோம்.

பாட்டி வடை சுடும் முதல் ஷாட்டில் நான்காம் விநாடியிலேயே மூவருடைய கண்ணும் சன்னல் பக்கம் போயிற்று. 'பாட்டி, வடை' என்னும் இரண்டு செய்திகளையும் அதற்குள் அவர்கள் அறிந்துகொண்டார்கள். அந்த ஷாட்டை நான்கு விநாடியாகக் குறைத்தோம்.

நான்காம் ஷாட்டில் நடந்ததுதான் எங்களுக்கு வியப்பு. படம் முடிந்ததும் ஒரு சிறுமி, "அக்கா, நரி எதுக்கு வந்துச்சு? காக்கா வாயில ஒண்ணுமே இல்லையே?" என்று கேட்டாள். மரம் முழுவதும் தெரியும்படி தூரத்திலிருந்து வரைந்த படம் அது. வடை ஒரு புள்ளியாக இருந்தது. ஆறு விநாடி காட்டியும் அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் நான்கு விநாடி கூட்டினாலும் புள்ளி புள்ளிதான். காக்கையின் தலையும் வடையும் மட்டும் தெரியும்படி அருகிலிருந்து ஒரு படம் வரைந்து மாற்றினோம். இப்போது மூன்று விநாடியே போதுமாயிற்று. புரியாத இடத்தில் நேரத்தைக் கூட்டுவதால் பயனில்லை. படத்தை மாற்ற வேண்டும். இழுவை, குழப்பம் ஆகிய இரண்டும் பார்ப்பவர் முகத்தில் ஒன்றுபோலவே தெரியும். எது என்று அறிய, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அது இழுவை. தவறாகச் சொன்னால் குழப்பம்.

ஏழாம் ஷாட்டில் இதற்கு நேர்மாறான நிலை. காக்கை யோசிக்கும் மூன்று விநாடியில் யாரும் சிரிக்கவில்லை. நரி பேசி முடித்த உடனே காக்கை கத்திவிட்டதுபோல் இருந்தது. அதை ஐந்து விநாடியாக்கினோம். அத்துடன், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த காற்றின் ஓசையை அந்த ஷாட்டில் அடியோடு நிறுத்தினோம். அந்த அமைதியில் "பாடாதே, பாடாதே!" என்று பார்ப்பவரே சொல்லத் தொடங்கினார்கள். படம் முழுவதிலும் நாங்கள் நேரம் கூட்டிய ஒரே இடம் இதுதான். காக்கை கண்ணை மட்டும் உருட்டுவதால் கூடுதலாக வரைய வேண்டிய ஓவியங்களும் மிகச் சிலவே.

வடை விழும் ஒன்பதாம் ஷாட்டுக்கு இயற்பியல் பாடம் உதவிற்று. கிளை தரையிலிருந்து 5 மீட்டர் உயரம் என்று கொள்வோம். நிலையிலிருந்து விழும் பொருள் ஒரு விநாடியில் ½ × 9.8 × 1² = 4.9 மீட்டர் விழும். அதாவது வடை ஒரு விநாடியில் தரைக்கு வந்துவிடும். நாங்கள் ஒதுக்கியதோ நான்கு விநாடி! அனிமேட்டிக்கில் அது வடைபோல் விழாமல் இறகுபோல் மிதந்தது. அலகிலிருந்து நழுவக் கால் விநாடி, விழ ஒரு விநாடி, நரியின் வாயை நெருங்கி நிற்கக் கால் விநாடி என ஒன்றரை விநாடியாக்கினோம். 48 ஓவியங்கள் வேண்டியிருந்த இடத்தில் 18 போதும்.

பத்தாம் ஷாட்டில் நரி ஓடி மறைந்த பின்னும் வெறும் சாலை நின்றுகொண்டிருந்தது. ஏழு விநாடியை ஐந்தரையாக்கினோம். மற்ற ஷாட்டுகளைத் தொடவில்லை.

புதிய கணக்கு: 4, 4, 5, 3, 6, 9, 5, 3, 1½, 5½, 5. மொத்தம் 51 விநாடி. 63½ விநாடியிலிருந்து பன்னிரண்டரை விநாடி குறைந்தது. முழு அசைவு என்று கணக்கிட்டால் 150 ஓவியங்கள், அதாவது 25 மணி நேர உழைப்பு. இவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் வரைந்து எறியவில்லை. நிமிடத்தில் மீந்த ஒன்பது விநாடி, தலைப்புக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் பயன்பட்டது. அவற்றுக்கு ஆளுக்கொரு படம் போதுமே!

அனிமேட்டிக்கை எங்கே நம்பக் கூடாது?

அனிமேட்டிக் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. அசையாத படம், அசையும் படத்தைவிட நீளமாகத் தோன்றும். நரி நடந்து வரும் ஐந்தாம் ஷாட்டும் சற்று மெதுவாகத்தான் தெரிந்தது. ஆனால் நரி பதுங்கிப் பதுங்கி அடி வைத்து வருவதற்கு ஆறு விநாடி வேண்டும். நடந்து பார்த்து, கடிகாரத்தில் அளந்து, அந்த நேரத்தை அப்படியே விட்டோம். வெட்டியிருந்தால் இறுதிப் படத்தில் நரி ஓட வேண்டியிருக்கும். அதேபோல் வேகமான செயல் சட்டென்று தாவுவதாகத் தோன்றினால் நேரத்தைக் கூட்டுமுன், இடையில் ஒன்றிரண்டு படங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இசை இன்னொரு மயக்கம். இனிய இசையை ஓடவிட்டால் எந்த இழுவையும் அழகாகவே தோன்றும். ஆகவே இசையில்லாமல் ஒரு முறை கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மயக்கம் நம் கண்ணே. இருபது முறை பார்த்த எங்களுக்கு எல்லா ஷாட்டுமே நீளமாகத் தோன்றியது. காக்கையின் அமைதியைக்கூடக் குறைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். முதல் முறை பார்ப்பவரின் கண்தான் சரியான அளவுகோல். ஆனால் ஒருவர் ஒரு முறைதான் 'முதல் முறை' பார்க்க முடியும். எனவே எல்லாத் தங்கையரையும் ஒரே நாளில் அழைத்துவிடாமல், முதல் திருத்தத்துக்கு மூவர், இரண்டாம் திருத்தத்துக்கு வேறு மூவர் என்று பிரித்துவைத்தோம்.

இரண்டாம் முறை பார்த்த மூவரும் கதையைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள்; ஏழாம் ஷாட்டில் மூச்சடக்கி, எட்டாம் ஷாட்டில் சிரித்தார்கள். அத்துடன் நேரத்தைப் பூட்டிவிட்டோம். பதினொரு ஷாட்டுகளின் பிரேம் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி, ஓவிய அறைச் சுவரில் ஒட்டினோம். ஒன்பதாம் ஷாட், 36 பிரேம், 18 ஓவியம் என்று அதில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் வடையை வண்ணத்தில் வரைந்தோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி